பதிமூன்றாம் கேள்விக்கு எதிரே காலிக் கட்டம்

தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள் ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்தாள். பி.எஸ்சி. கணிதம், ஐந்தாம் பருவம். பிள்ளைகள் ‘ஓ.ஆர்.’ என்று சொல்லும் செயல்பாட்டு ஆய்வுத் தாளில் 100-க்கு 58, தரம் ‘பி’. இன்டர்னலில் 25-க்கு 17, எக்ஸ்டர்னலில் 75-க்கு 41. அவள் கல்லூரியில் 60 எடுத்தால் ‘பி பிளஸ்’. கையில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதிய மூன்று பக்கக் கடிதம் இருந்தது.

“சார், இதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.”

நான் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். இடையில் சில ஆண்டுகள் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் தேர்வுப் பிரிவிலும் இருந்தேன். இப்படிப்பட்ட கடிதங்களை வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால், அவள் எழுதியதைப் படிக்கும்போதே அது எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று தெரிந்துவிட்டது.

கடிதம் இப்படித் தொடங்கியது: ‘நான் இரவு பகலாகப் படித்து இத்தேர்வை எழுதினேன். எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகவே விடையளித்தேன். ஆனால் என் விடைத்தாளைத் திருத்தியவர் அலட்சியமாகவும் வேண்டுமென்றேயும் மதிப்பெண்ணைக் குறைத்துள்ளார். நான் சொல்லிக்கொடுத்துப் படித்த என் தோழி 71 பெற்றுள்ளாள்.’ இரண்டாம் பக்கத்தில் அப்பாவின் உடல்நிலையும் மேற்படிப்புக் கனவும். மூன்றாம் பக்கத்தில், ‘தாங்கள் கருணை கூர்ந்து குறைந்தபட்சம் இரண்டு மதிப்பெண்ணாவது வழங்க வேண்டுகிறேன். தவறினால் முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு மனு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.’

அவள் பொய் எழுதவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்கே தெரியும். ஆனாலும் இதை வாங்கும் உதவியாளர் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மூன்று பக்கங்களில் அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து சரிபார்க்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இரவு பகலாகப் படித்ததைச் சரிபார்க்க முடியாது. தோழியின் தாளை எடுத்து ஒப்பிட அவருக்கு அதிகாரமில்லை. இரண்டு மதிப்பெண்ணைக் கருணையாகக் கொடுக்கத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் உரிமையில்லை.

‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை முதலில் அடிக்கச் சொன்னேன். அவள் கல்லூரியில் விடைத்தாள்கள் திருத்தப் போகும் முன் பதிவெண் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுகிறார்கள். திருத்துகிறவர் கையில் இருப்பது ஓர் எண் மட்டுமே. அது யாருடைய தாள் என்றே தெரியாதவர் இவள்மேல் வஞ்சம் தீர்த்தார் என்று எழுதினால், படிப்பவர் அந்த வரியை நம்பாததோடு அடுத்த வரியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

“அப்போ எப்படி சார் 41 வந்தது?”

“அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தாளைப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மேல்முறையீட்டை எழுதிவிட்டு, அதற்கான ஆதாரத்தைப் பிறகு தேடுகிறார்கள். விடைத்தாள் நகலை வாங்கிய பிறகுதான் எழுதுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதே தெரியும். நகலைப் பார்த்துவிட்டு, ‘கொடுத்த மார்க்கே அதிகம்’ என்று பேசாமல் போனவர்களையும் எனக்குத் தெரியும்.

நகல் பெறுவது இன்று யாரும் தயவு பண்ணித் தருவதல்ல. 2011 ஆகஸ்டில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: திருத்தப்பட்ட விடைத்தாள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ‘தகவல்’தான், தேர்வெழுதியவர் தன் தாளைப் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமையுள்ளவர். திருத்தியவரின் பெயரும் கையெழுத்தும் அதில் வெளியே தெரியக்கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தாளை எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும் என்று விதி இருக்கிறதோ அதுவரைதான் இந்த உரிமை.

ஆனால் தகவல் உரிமை மனுவை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. கல்லூரிகள் மறுமதிப்பீட்டுக்குக் கொடுக்கும் கால அளவோ பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். தகவல் வந்து சேரும்போது கதவு சாத்தியிருக்கும். அதனால் முதலில் தேர்வு விதிகளில் உள்ள வழியிலேயே, அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கட்டி நகல் வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அவள் கல்லூரியின் விதிமுறையில் அது 14.2. முடிவு வெளியான ஐந்து வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று நாள் போயிருந்தது. அன்று மதியமே பணம் கட்டினாள்.

நான்கு நாள் கழித்து நகலோடு வந்தாள். அதன்மேல் எதையும் எழுதாதே என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். நகலில் நாம் பேனாவால் வட்டம் போட்டுவிட்டால், எது திருத்தியவர் போட்டது, எது நாம் போட்டது என்ற குழப்பம் பிறகு நமக்கே வரும். தனித்தாளில் ஒவ்வொரு கேள்வியின் எண்ணையும் எழுதி, விடைக்குப் பக்கத்தில் போட்ட மார்க்கு ஒரு வரிசையிலும், முகப்புப் பக்கக் கட்டத்தில் ஏற்றிய மார்க்கு அடுத்த வரிசையிலுமாகக் குறிக்கச் சொன்னேன்.

வினாத்தாள் நம் ஊர்க் கல்லூரிகளில் எங்கும் பார்க்கும் அமைப்புதான். ‘அ’ பகுதியில் பத்து இரண்டு மார்க் கேள்விகள். ‘ஆ’ பகுதியில் ஏழில் ஐந்து, தலைக்கு ஐந்து மார்க்கு. ‘இ’ பகுதியில் ஐந்தில் மூன்று, தலைக்குப் பத்து.

‘அ’ பகுதியில் உள்ளேயும் 15, வெளியேயும் 15. ‘ஆ’ பகுதியில் 11, 12, 13, 15, 16 ஆகிய கேள்விகளை எழுதியிருந்தாள். உள்ளே போட்ட மார்க்குகள் முறையே 3, 4, 4, 4, 3. கூட்டினால் 18. முகப்பில் 14. எப்படி? பதிமூன்றாம் கேள்விக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. விடை இருக்கும் பதினாறாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘4’ என்று வட்டமிட்டு இருக்கிறது. கட்டத்துக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நூறு தாள் திருத்தும் கை ஓரிடத்தில் தவறவிட்டிருக்கிறது. அலட்சியம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படித் தவறவிட்டவன்தான்.

அவள் துள்ளிக் குதித்தாள். நான் இன்னும் ஒன்றைச் சரிபார்த்தேன். ஐந்து எழுத வேண்டிய இடத்தில் ஆறு எழுதியிருந்தால், கூடுதலான ஒன்றைத் திருத்தியவர் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார். கட்டம் காலியாக இருப்பதுதான் அப்போது சரி. எண்ணிப் பார்த்தோம். சரியாக ஐந்துதான். ஆகவே இது பிழையே.

‘இ’ பகுதியில் 18, 20, 21. மார்க்குகள் 5, 3, 4. உள்ளேயும் வெளியேயும் ஒத்துப்போகின்றன. ஆனால் இருபதாம் கேள்வி ஒரு போக்குவரத்துக் கணக்கு. மூன்று கிடங்குகளிலிருந்து நான்கு ஊர்களுக்குச் சரக்கு அனுப்பும் செலவு மிகக் குறைவாக இருக்கும்படி தீர்வு காண வேண்டும். வோகல் முறையில் தொடக்கத் தீர்வை 22, 23-ஆம் பக்கங்களில் போட்டிருக்கிறாள். அதற்குள் நேரம் போய்விடுமோ என்று பயந்து, 21-ஆம் கேள்விக்குத் தாவியிருக்கிறாள். அதை முடித்துவிட்டு 31-ஆம் பக்கத்தில் ‘20 தொடர்ச்சி’ என்று சின்னதாக எழுதி, மோடி முறையில் உகந்த தீர்வைக் கண்டு, செலவையும் கணக்கிட்டிருக்கிறாள். அந்த 31-ஆம் பக்கத்தில் சிவப்பு மை ஒரு புள்ளிகூட இல்லை. டிக் இல்லை, அடித்தல் இல்லை, பூஜ்யமும் இல்லை.

தவறென்று கருதி மார்க்கு போடாமல் விட்டால் வழக்கமாக ஒரு கோடாவது இருக்கும். எந்தத் தடயமும் இல்லாத பக்கம் என்றால், அது கண்ணிலேயே படவில்லை என்று கேட்க நியாயம் இருக்கிறது. (பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விடையை வேறு பக்கத்தில் தொடர்ந்தால், முதல் பகுதி முடியும் இடத்திலும் ‘தொடர்ச்சி பக்கம் 31’ என்று எழுதுங்கள். அவள் அங்கே எழுதவில்லை.)

இருபத்தொன்றாம் கேள்விதான் அவளுக்கு மிகவும் வலித்தது. ஒரு திட்டத்தின் வேலைகளை வலைப்பின்னலாக வரைந்து, எந்தப் பாதையில் தாமதம் வந்தால் மொத்தத் திட்டமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு. ஒரு வேலைக்கு 9 நாள் என்று வினாத்தாளில் இருப்பதை அவள் 6 என்று பார்த்து எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் அந்த 6-ஐ வைத்துச் சரியாகவே போகிறது. விடை மட்டும் தப்பு. பத்துக்கு நான்கு போட்டிருக்கிறார்கள்.

“ஸ்டெப் மார்க் குடுத்திருந்தா எட்டு வரணும் சார்.”

வரலாம். நான் திருத்தியிருந்தால் ஆறு போட்டிருப்பேன். இன்னொருவர் நான்கே போடுவார். முன்னே பார்த்த இரண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். காலிக் கட்டத்தையும் சிவப்பு மை படாத பக்கத்தையும் கணிதமே தெரியாத உதவியாளரால்கூடக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ள முடியும். ஸ்டெப் மார்க்கு எவ்வளவு என்பதை இன்னொரு கணித ஆசிரியர் தாளை முழுக்கப் படித்து, மதிப்பீட்டுத் திட்டத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். அதுவும் அவருடைய அபிப்பிராயமே.

நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கின்றன. மறுமதிப்பீட்டுக்கு விதியில் இடமில்லை என்றால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்பது 1984-லேயே மகாராஷ்டிர வாரிய வழக்கில் முடிவான செய்தி. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் அடி போனது. விதியில் இடமில்லாதபோதும் நீதிமன்றம் தலையிடலாம். ஆனால் அனுமானித்து, விளக்கி, வாதாடித்தான் நிறுவ முடியும் என்ற நிலை இருக்கக் கூடாது, பிழை பார்த்தவுடன் தெரிய வேண்டும், அதுவும் அபூர்வமான சந்தர்ப்பங்களில் மட்டும் என்றது. கல்லூரி மேசைக்கு எழுதும் கடிதத்துக்கு நீதிமன்ற அளவுகோல் தேவையில்லை. ஆனாலும், ‘விளக்காமல் தெரிகிறதா?’ என்ற கேள்வியை நம் ஒவ்வொரு குறையிடமும் கேட்டுப் பார்த்தால், எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசியில் எழுதுவது என்பது தானே விளங்கிவிடும்.

அடுத்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தோம். அவள் கொண்டுவந்திருந்தது கல்லூரி இணையதளத்தில் மேலே தெரிந்த, அந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கான புதிய விதி. அவள் இரண்டு ஆண்டு முன்னால் சேர்ந்தவள். நாம் சேர்ந்த ஆண்டுக்குரிய விதிமுறைதான் பொதுவாக நமக்குப் பொருந்தும்; புதிய புத்தகத்தின் எண்ணை எழுதினால், ‘இந்த விதி தங்களுக்குப் பொருந்தாது’ என்ற ஒற்றை வரியோடு கடிதம் திரும்பும். பழைய புத்தகத்தைத் துறை அலுவலகத்திலிருந்து வாங்கி வந்தாள். அதில் 14.3 மறுகூட்டலும் திருத்தப்படாத விடைகளும் பற்றியது. கட்டணமில்லை. 14.4 மறுமதிப்பீடு. தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். 14.5 மறுமதிப்பீட்டில் மார்க்கு குறைந்தால் என்ன ஆகும் என்பது. அவள் கல்லூரியில் இரண்டில் எது அதிகமோ அது நிற்கும். எல்லா இடத்திலும் அப்படியில்லை. புதிய மார்க்கே இறுதி என்று சொல்லும் இடங்களும் உண்டு. பணம் கட்டும் முன் இந்த ஒரு விதியை மட்டுமாவது படித்துவிட வேண்டும்.

இன்டர்னல் 17-ஐப் பற்றியும் அவள் கடிதத்தில் ஒரு புலம்பல் இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். இன்டர்னல் மார்க்குப் பட்டியலைப் பருவம் முடியும் முன்பே துறையில் ஒட்டி, மாணவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு, எக்ஸ்டர்னல் முடிவோடு சேர்த்து அதையும் கிளப்பினால் இரண்டுமே பலவீனமாகிவிடும்.

இனி எழுதுவது. நம் அலுவலகக் கடித வடிவத்தைப் பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணியிருக்கிறோம். அதில் ஒவ்வொரு தலைப்பும் எதற்கு என்று மட்டும் யோசித்ததில்லை. ‘பொருள்’ என்பது என்ன வேண்டும் என்று சொல்லும் இடம். ‘பார்வை’ என்பது எந்த விதியின் கீழ், எந்த முந்தைய கடிதத்தைத் தொடர்ந்து கேட்கிறோம் என்பதற்கு. ‘இணைப்பு’ என்பது ஆதாரத்துக்கு. அவளுடைய முதல் கடிதத்தில் ‘பொருள்: மதிப்பெண் தொடர்பாக’ என்று இருந்தது. ‘பார்வை’ என்ற வரியே இல்லை. இணைப்பும் இல்லை. மூன்று பக்க உள்ளடக்கமும், கேட்க வேண்டியதைக் கேட்காத அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் எழுதப்பட்டிருந்தது.

இரண்டு கடிதமாகப் பிரித்தோம். 14.3-இன் கீழ் ஒன்று, 14.4-இன் கீழ் ஒன்று. ஒரே தாளில் இரண்டையும் எழுதினால், அலுவலகம் இரண்டில் மெதுவானதன் வேகத்தில்தான் நகரும். ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய கூட்டல் பிழை, மறுமதிப்பீட்டுத் தேர்வாளர் வரும்வரை காத்துக் கிடக்கும்.

முதல் கடிதத்தின் உடல் பகுதி இது:

‘பொருள்: ஐந்தாம் பருவம், செயல்பாட்டு ஆய்வுத் தாள் – மறுகூட்டலும், திருத்தப்படாத ஒரு பக்கத்தை மதிப்பிடுவதும் கோருதல்.
பார்வை: 1. தேர்வு விதிமுறை 14.3. 2. விதி 14.2-இன்படி எனக்கு வழங்கப்பட்ட விடைத்தாள் நகல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட தாளில் எனக்கு எக்ஸ்டர்னல் 41, மொத்தம் 58 மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. விடைத்தாள் நகலில் கீழ்க்கண்ட இரண்டு இடங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

முதலாவது, பக்கம் 16-இல் 13-ஆம் வினாவுக்கு 4 மதிப்பெண் இடப்பட்டுள்ளது. முகப்புப் பக்கத்தில் அவ்வினாவுக்குரிய கட்டம் காலியாக உள்ளது. ‘ஆ’ பகுதியில் நான் ஐந்து வினாக்களுக்கு மட்டுமே விடையளித்துள்ளேன். இந்த 4 சேர்ந்தால் மொத்தம் 62 ஆகும். தரம் ‘பி’யிலிருந்து ‘பி பிளஸ்’ ஆக மாறும்.

இரண்டாவது, 20-ஆம் வினாவின் விடை 22, 23-ஆம் பக்கங்களில் தொடங்கி 31-ஆம் பக்கத்தில் தொடர்கிறது. 31-ஆம் பக்கத்தில் மதிப்பீட்டுக் குறி எதுவும் காணப்படவில்லை. 23-ஆம் பக்கத்தில் தொடர்ச்சியைக் குறிப்பிடாமல் விட்டது என் தவறு. அப்பக்கத்தை மதிப்பிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: முகப்பு, 16, 22, 23, 31-ஆம் பக்கங்களின் நகல்.’

மூன்று பக்கம் இருந்தது ஒரு பக்கத்துக்கும் குறைவாக வந்துவிட்டது. அவளுக்கு இதில் திருப்தியில்லை.

“ரொம்ப வறட்சியா இருக்கே சார். மரியாதையாவும் இல்லியே. ‘தாழ்மையுடன்’ போடலாமா?”

போடலாம், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மரியாதை அந்தச் சொல்லில் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். நம் கடிதங்களில் பணிவு என்ற பெயரில் கெஞ்சல் நுழைந்துவிடுகிறது. ‘பொற்பாதம்’, ‘கருணை’, ‘வாழ்நாள் முழுதும் நன்றி’ என்று எழுதினால், தன் கையில் இல்லாத ஒன்றை அதிகாரி சொந்தத் தயவில் தரவேண்டும் என்று ஆகிவிடுகிறது. அதே கடிதத்தின் கடைசியில் தனிப்பிரிவு மிரட்டல் வந்தால், மேலே காட்டிய பணிவும் வேஷமாகத் தெரிகிறது. கெஞ்சினாலும் மிரட்டினாலும், தாளைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு வேறு எதையோ செய்யச் சொல்கிறோம்.

இந்தக் கடிதத்தில் திருத்தியவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘அவர் விட்டுவிட்டார்’ என்பதற்குப் பதில் ‘கட்டம் காலியாக உள்ளது’. ‘பார்க்கவே இல்லை’ என்பதற்குப் பதில் ‘மதிப்பீட்டுக் குறி எதுவும் காணப்படவில்லை’. நாம் பார்த்தது இவ்வளவுதான்; அவர் மனசில் என்ன இருந்தது என்று நாம் பார்க்கவில்லை. தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியமும் இருக்கிறது. அதை எழுத அவள் தயங்கினாள். “நாமே தப்புன்னு சொன்னா பிடிச்சுக்குவாங்களே?” பிடிக்க மாட்டார்கள். 31-ஆம் பக்கம் ஏன் தப்பிப்போனது என்பதற்கு அந்த வாக்கியம்தான் யாரையும் குற்றம் சொல்லாத காரணத்தைத் தருகிறது. பிழையைத் திருத்துகிற அதிகாரி சக ஆசிரியர் ஒருவரைத் தலைகுனிய வைக்காமலே திருத்திவிட முடிகிறது. தேர்வுப் பிரிவில் இருந்த காலத்தில் இந்த ஒரு விஷயம் எத்தனை கோப்புகளை நகர்த்தும் என்று பார்த்திருக்கிறேன்.

‘62 ஆகும், தரம் மாறும்’ என்ற கணக்கை ஏன் எழுத வேண்டும், அவர்களே கூட்டிக்கொள்ள மாட்டார்களா என்றும் கேட்டாள். கூட்டிக்கொள்வார்கள். ஆனால் இந்த விஷயம் இங்கே தீராமல் மேலே போனால் அந்த வரி தேவைப்படும். பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தியில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் அந்தக் குறைதீர்ப்பாளர் மறுமதிப்பீட்டு மனுக்களை எடுத்துக்கொள்ள மாட்டார். முடிவையே பாதிக்கும் குறிப்பான முறைகேடோ, குறிப்பான பாரபட்சமோ சுட்டிக் காட்டப்பட்டால் மட்டும்தான் விதிவிலக்கு. 16-ஆம் பக்கத்து 4, குறிப்பான பிழை. 58 என்பது 62 ஆகி தரம் மாறுவது, முடிவைப் பாதிப்பது. இரண்டும் முதல் கடிதத்திலேயே இருந்துவிட்டால், பின்னால் யாரும் ‘இதை முன்பே சொல்லவில்லையே’ என்று கேட்க முடியாது. ‘எட்டு வரணும், நாலுதான் வந்தது’ என்ற 21-ஆம் கேள்வி விவகாரத்தை அங்கே கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் 21-ஆம் கேள்விக்கான இரண்டாம் கடிதத்தை வேறு மாதிரி எழுதினோம். எட்டு என்ற எண்ணை எங்கும் போடவில்லை. ‘9 நாள் என்பதை 6 என்று படித்துவிட்டேன். அதன் பிறகான படிகள் அந்த எண்ணின் அடிப்படையில் செய்யப்பட்டுள்ளன. மதிப்பீட்டுத் திட்டத்தில் படிநிலை மதிப்பெண் இருப்பின், அதன்படி மறுமதிப்பீடு செய்யக் கோருகிறேன்’ என்று மூன்றே வரி. திட்டத்தில் ஸ்டெப் மார்க்கு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. பார்க்காததை இருப்பதாக எழுதக்கூடாது. இதற்குக் கட்டணம் கட்ட வேண்டுமா என்று யோசித்தாள். கட்ட வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். நான்கு கிரெடிட் தாளில் ‘பி’க்கு 6, ‘பி பிளஸ்’ஸுக்கு 7 தரப்புள்ளி. மொத்தம் 140 கிரெடிட் படிப்பில் அந்த ஒரு புள்ளியால் சராசரி ஏறுவது 0.03 அளவுதான், அந்த ஏற்றம் 13-ஆம் கேள்வியிலேயே கிடைத்துவிடும். 70-ஐத் தாண்டினால்தான் அடுத்த தரம். அவள் கேட்கவில்லை. கட்டினாள். அவள் தாள், அவள் பணம்.

இரண்டு கடிதத்தையும் துறைத்தலைவர் வழியாகக் கொடுக்கச் சொன்னேன். அவர் மேலொப்பமிட்டால் அலுவலகத்தில் ஒரு கேள்வி குறையும். கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளவும் சொன்னேன். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு கொடுத்தாள். முத்திரை வாங்க மட்டும் அரை மணி நேரம் நின்றாளாம். “பிரதியெல்லாம் எதுக்கும்மா, நாங்க என்ன தொலைக்கவா போறோம்” என்றாராம் உதவியாளர். சிரித்துக்கொண்டே நின்றதாகச் சொன்னாள். அதுவும் மரியாதைதான்.

மூன்று வாரத்தில் மறுகூட்டலுக்குப் பதில் வந்தது. 13-ஆம் கேள்வியின் 4 சேர்க்கப்பட்டது. 31-ஆம் பக்கத்துக்கு 5 கிடைத்து, இருபதாம் கேள்வி எட்டானது. மொத்தம் 67, ‘பி பிளஸ்’. மறுமதிப்பீட்டு முடிவு அடுத்த மாதம்தான் வந்தது. 21-ஆம் கேள்வி அதே நான்கில் நின்றது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்று அந்த விதியிலும் இல்லை. அவள் அதற்கு மேல் போகவில்லை.

புதிய மதிப்பெண் பட்டியல் வாங்கப் போனபோது பழையதைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டாள். அதற்கு முன் அதற்கும் ஒரு நகல் எடுத்து, முத்திரை வாங்கிய பிரதியோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறாள்.